நிற்கும் தூரத்தில் வேகத்தின் பங்கு எவ்வளவு?

1920-களில் பதிவான ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது. கார் எந்த வேகத்தில் வந்தது, நிற்பதற்கு எவ்வளவு தூரம் எடுத்துக்கொண்டது என்று இரண்டே பத்திகள், 50 வரிசைகள். வேகம் மணிக்கு 4 மைலிலிருந்து 25 மைல் வரை. தூரம் 2 அடியிலிருந்து 120 அடி வரை. அமெரிக்க வேளாண் பொருளியலாளர் மோர்டெகாய் எசக்கியேல் 1930-ல் வெளியிட்ட புள்ளியியல் நூல் வழியாக இது நமக்குக் கிடைத்தது. ‘ஆர்’ என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளை நிறுவினால் இந்த அட்டவணையும் cars என்ற பெயரில் கூடவே வந்துவிடும். உலகம் முழுக்கப் புள்ளியியல் மாணவர்கள் முதன்முதலாகக் கோடு போட்டுப் பார்ப்பது பெரும்பாலும் இதில்தான்.

கோடு போட்டதும் மென்பொருள் ஓர் எண்ணைக் காட்டும்: ஆர்-ஸ்கொயர் 0.651. அதாவது, நிற்கும் தூரங்களில் உள்ள ஏற்றத்தாழ்வில் 65 சதவீதத்தை வேகம் விளக்குகிறது. செய்திகளிலும் ஆய்வறிக்கைகளிலும் இதே பாணி வாக்கியங்களை நிறையப் பார்க்கிறோம். ஏற்றத்தாழ்வை அரிசி மாதிரி அளந்து, இவ்வளவு இவருக்கு, இவ்வளவு அவருக்கு என்று பங்கு போட முடியுமா? முடியும். ஆனால் அது தானாக நடந்துவிடுவதில்லை. அதற்குப் பின்னால் ஒரு வடிவியல் உண்மை இருக்கிறது. அது எங்கே பொருந்துகிறது என்று தெரிந்தால், எங்கே பொருந்தாது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் பங்கு போடவேண்டிய பொருள் என்ன என்று பார்ப்போம். வேகத்தை மறந்துவிடுங்கள். 50 தூரங்கள் மட்டும் கையில் இருக்கின்றன. ஒரு கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று ஒரே ஓர் எண்ணைச் சொல்லவேண்டும் என்றால், சராசரியைச் சொல்வோம். இங்கே அது 42.98 அடி. ஒவ்வொரு காரும் இந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலக்கத்தை வர்க்கமாக்கி, 50 வர்க்கங்களையும் கூட்டினால் 32,539 வருகிறது. இதுதான் மொத்த வர்க்கக் கூடுதல். வர்க்கமாக்காமல் அப்படியே கூட்டினால் மேலே போனதும் கீழே போனதும் அடிபட்டுச் சுழியாகிவிடும்.

இந்த 32,539-ஐப் பற்றி ஒன்றைக் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டும். சராசரிக்குப் பதிலாக வேறு எந்த எண்ணை நடுவில் வைத்தாலும், 40 ஆகட்டும் 45 ஆகட்டும், கூடுதல் இதைவிடப் பெரிதாகத்தான் வரும். ஆக, ஒரே எண்ணைக் கொண்டு எல்லாக் கார்களையும் ஊகிக்க முயன்றால் மிஞ்சக்கூடிய மிகக் குறைந்த பிழை இது.

இப்போது வேகத்தை உள்ளே விடுவோம். தூரமும் வேகமும் ஒரு நேர்கோட்டில் சேர்கின்றன என்று வைத்துக்கொண்டு, கோட்டிலிருந்து புள்ளிகள் விலகும் அளவுகளின் வர்க்கக் கூடுதல் எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவோ அதைத் தேர்ந்தெடுக்கிறோம். பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் 1805-ல் அச்சில் வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறை இது. பள்ளிப் புத்தகங்கள் இந்தக் கோட்டைத் தொடர்புப்போக்குக் கோடு என்கின்றன. நம் கார்களுக்கு அது இப்படி வருகிறது:

தூரம் = −17.58 + 3.932 × வேகம்

வேகம் மணிக்கு ஒரு மைல் கூடினால் நிற்கும் தூரம் ஏறக்குறைய 4 அடி கூடுகிறது என்று பொருள்.

50-ல் மிக மோசமாக நடந்துகொண்ட காரை எடுத்துக்கொள்வோம். 24 மைல் வேகத்தில் வந்து 120 அடியில் நின்ற கார் அது. சராசரியிலிருந்து அதன் விலக்கம் 77.02 அடி. கோட்டின்படி 24 மைல் வேகக் கார் 76.80 அடியில் நின்றிருக்க வேண்டும். ஆகவே அந்த 77.02 அடியை இரண்டாகப் பிரித்துச் சொல்லலாம். சராசரியிலிருந்து கோடு வரை 33.82 அடி, இந்தக் கார் வேகமாக வந்ததால் எதிர்பார்க்க வேண்டிய பங்கு இது. கோட்டிலிருந்து கார் உண்மையில் நின்ற இடம் வரை 43.20 அடி, வேகத்தால் விளங்காத பங்கு இது. இரண்டையும் கூட்டினால் 77.02. எந்தச் சிக்கலும் இல்லை.

சிக்கல் வர்க்கமாக்கும்போது வருகிறது. 77.02-ன் வர்க்கம் 5,932. மற்ற இரண்டின் வர்க்கங்கள் 1,144, 1,866. கூட்டினால் 3,010தான். பாதிக்குச் சற்றே மேல்! மீதி 2,922 எங்கே போனது? எட்டாம் வகுப்பில் படித்த (a + b)² = a² + b² + 2ab நினைவுக்கு வரவேண்டிய இடம் இது. இரண்டு பங்குகளையும் பெருக்கி இரட்டிப்பாக்கிய அந்த நடு உறுப்புதான் 2,922. அது விளக்கப்பட்ட பங்கையும் சேராது, பிழையையும் சேராது.

ஆக, தனி ஒரு காருக்கு இந்தப் பங்கீடு பொய். பாடப்புத்தகங்கள் பலவும் இதை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. என் பார்வையில் ஆர்-ஸ்கொயரின் உயிர் இருப்பதே இங்கேதான்.

வேறொரு காரைப் பாருங்கள். 20 மைல் வேகத்தில் வந்து 32 அடியிலேயே நின்றுவிட்டது. கோடு சொன்னது 61.07 அடி. வேகத்தின் பங்கு +18.09, பிழை −29.07. ஒன்று மேலே, மற்றது கீழே. நடு உறுப்பு இப்போது −1,052. முதல் காரில் கூடுதலாக வந்தது, இந்தக் காரில் குறைகிறது. இப்படி 50 கார்களுக்கும் நடு உறுப்பைக் கணக்கிட்டுக் கூட்டினால், விடை சரியாகச் சுழி. ஏறக்குறைய சுழி அல்ல, அசல் சுழி. இந்த அட்டவணைக்கு மட்டுமான தற்செயலும் அல்ல. எந்தத் தரவுக்கும் மீச்சிறு வர்க்கக் கோடு போட்டால் இதுவே நடக்கும்.

ஏன் என்பதை இயற்கணிதம் இல்லாமலே சொல்லலாம். நடு உறுப்புகளின் கூடுதல் சுழி இல்லை, நேர்மறையாக வந்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் என்ன பொருள்? சராசரியைவிட வேகமான கார்கள் பெரும்பாலும் கோட்டுக்கு மேலே இருக்கின்றன, மெதுவான கார்கள் பெரும்பாலும் கீழே இருக்கின்றன. அப்போது கோட்டின் வலப்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, இடப்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தினால் புள்ளிகளுக்கு இன்னும் நெருக்கமாகப் போகலாமே? பிழை குறையுமே? ஆனால் நம் கோடு ஏற்கெனவே மிகக் குறைந்த பிழையுள்ள கோடு. அதைவிடக் குறைக்க வழியில்லை. ஆகவே அப்படி ஒரு சாய்வு பிழைகளில் மிஞ்சியிருக்க முடியாது. எதிர்மறையாக வந்தாலும் இதே வாதம், திசை மட்டும் மாறும். வேகத்தோடு சேர்ந்து நேர்கோடாகச் சாய்கிற எதையும் கோடு முழுவதுமாக எடுத்துக்கொண்டுவிட்டது. பிழையில் அதன் சுவடு இல்லை.

நடு உறுப்பு மறைந்துவிட்டதால், 50 கார்களுக்கும் சேர்த்துப் பார்க்கும்போது பங்கீடு மெய்யாகிறது. ஆர் மென்பொருளில் இரண்டு வரிகள்:

```
m <- lm(dist ~ speed, data = cars)
anova(m)
```

அது தரும் அட்டவணையில் வர்க்கக் கூடுதல் என்ற பத்தி இப்படி இருக்கும்:

```
          Df Sum Sq
speed      1  21186
Residuals 48  11354
```

முதல் வரி வேகத்தின் பங்கு, 21,186. இரண்டாவது பிழையின் பங்கு, 11,354. தசமங்களை முழுமையாக்கியதால் வரும் ஒன்றைத் தவிர, கூட்டினால் நாம் தொடங்கிய 32,539. முதல் எண்ணை மொத்தத்தால் வகுத்தால் 0.651. இதுதான் ஆர்-ஸ்கொயர். வேறு விதமாகவும் படிக்கலாம்: சராசரியை மட்டும் வைத்து ஊகித்தபோது 32,539 ஆக இருந்த பிழை, வேகம் தெரிந்த பிறகு 11,354 ஆகக் குறைந்திருக்கிறது. குறைந்த பங்கு 65 சதவீதம். எனக்கு இந்த இரண்டாவது வாசிப்புதான் பிடிக்கும். ‘விளக்குகிறது’ என்ற சொல் கேட்பவர் மனதில் காரண காரியத்தை எழுப்பிவிடும்; ‘பிழை இவ்வளவு குறைந்தது’ என்பது கணக்கு உண்மையில் செய்ததை மட்டும் சொல்கிறது.

அந்த எண்ணுக்கு ஏன் ஆர்-ஸ்கொயர் என்று பெயர்? வேகத்துக்கும் தூரத்துக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு r, இங்கே 0.807. அதன் வர்க்கம் 0.651. இரண்டும் ஒன்றாக வருவது எப்படி என்று பார்க்க பித்தாகரஸிடம் போகவேண்டும். செங்கோண முக்கோணத்தில் மட்டும்தான் கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களது கூடுதலுக்குச் சமம். நம் பங்கீடும் அப்படியே இருக்கிறது: மொத்தம் கர்ணத்தின் வர்க்கம், வேகமும் பிழையும் மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்கள். இதை உவமையாகச் சொல்லவில்லை. 50 விலக்கங்களையும் 50 திசைகள் கொண்ட வெளியில் ஓர் அம்பாக எண்ணினால், அங்கே உண்மையாகவே ஒரு செங்கோண முக்கோணம் இருக்கிறது. ஒரு புள்ளியிலிருந்து ஒரு கோட்டுக்கு மிகக் குறைந்த தூரம் செங்குத்தாகப் போகும் தூரம் என்பது நமக்குத் தெரியும். மீச்சிறு வர்க்க முறை தேடுவதும் மிகக் குறைந்த தூரத்தைத்தான். அதனால்தான் அங்கே செங்கோணம் உண்டாகிறது. நடு உறுப்பு சுழி என்றோமே, அது அந்தச் செங்கோணத்தின் இயற்கணிதப் பெயர்.

பக்கங்களின் நீளங்களைப் பார்க்க வர்க்கமூலம் எடுப்போம். கர்ணம் 180.4; வேகத்தின் பக்கம் 145.6, பிழையின் பக்கம் 106.6. வேகத்தின் பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் 0.807, அதாவது r. பள்ளியில் படித்த கோசைன் இதுவே. கோணம் ஏறக்குறைய 36 பாகை. நீளங்களின் விகிதம் r, வர்க்கங்களின் விகிதம் r². நீளங்கள் பங்குகளாகக் கூடுவதில்லை, 145.6-ம் 106.6-ம் சேர்ந்து 180.4 ஆகாது. வர்க்கங்கள் மட்டுமே கூடும். அதனால்தான் “80 சதவீத ஒட்டுறவு, எனவே 80 சதவீதத்தை விளக்கிவிட்டது” என்று சொல்வது தவறாகிறது. பங்கு என்று பேச வேண்டுமென்றால் வர்க்கமாக்கியே ஆகவேண்டும்.

எல்லாம் அந்தச் செங்கோணத்தைப் பொறுத்தது என்றால், அதைக் குலைத்தால் என்ன ஆகும்? இதே கார்களில் அதைக் கண்ணால் பார்க்கலாம். நம் கோட்டில் ஓர் அபத்தம் இருக்கிறது. வேகம் 4 மைல் என்று போட்டால் தூரம் −1.85 அடி என்கிறது. கார் பின்னால் போய் நிற்குமா என்ன? நின்றுகொண்டிருக்கும் கார் நிற்பதற்குத் தூரமே வேண்டாம்; ஆகவே கோடு சுழியிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒருவர் வாதாடலாம். நியாயமாகத்தான் படுகிறது. அப்படிக் கட்டாயப்படுத்தி ஒரு கோடு போடலாம்:

```
summary(lm(dist ~ speed - 1, data = cars))
```

விடையில் ஆர்-ஸ்கொயர் 0.8963 என்று வருகிறது. 65 சதவீதம் ஒரே தாவலில் 90-ஐ நெருங்கிவிட்டது! கோடு அவ்வளவு மேம்பட்டுவிட்டதா? பிழையின் வர்க்கக் கூடுதலைப் பாருங்கள். முன்பு 11,354, இப்போது ஏறக்குறைய 12,954. பிழை கூடியிருக்கிறது. கோடு மோசமாகியிருக்கிறது, ஆர்-ஸ்கொயர் மட்டும் உயர்ந்திருக்கிறது.

நடந்தது இதுதான். கோட்டைச் சுழியில் கட்டிப்போட்டதும், சராசரியைச் சுற்றிச் செய்த பங்கீடு செல்லாமல் போய்விட்டது. பிழைகளின் கூடுதல்கூட இப்போது சுழி இல்லை. ஆனால் சுழியிலிருந்து அளந்தால் ஒரு புதிய செங்கோணம் கிடைக்கிறது. மென்பொருள் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. எனவே மொத்தம் என்பது சராசரியிலிருந்து அளந்த 32,539 அல்ல, சுழியிலிருந்து அளந்த 1,24,903. எல்லாக் கார்களும் சுழி அடியில் நிற்கும் என்று சொல்லும் ஓர் அசட்டு ஊகத்தோடு நம் கோடு ஒப்பிடப்படுகிறது. அதைத் தோற்கடிப்பது எளிது, அதனால் மதிப்பெண்ணும் அதிகம். பழைய 32,539-ஐயே அடிப்படையாக வைத்துக் கணக்கிட்டால் இந்தக் கோட்டுக்குக் கிடைப்பது 0.60 மட்டுமே. ஓர் ஆய்வில் திடீரென்று மிக உயர்ந்த ஆர்-ஸ்கொயரைக் கண்டால், எந்த மொத்தத்தால் வகுத்தார்கள் என்று கேட்பது முதல் வேலை. ஒரு தரவில் போட்ட கோட்டை இன்னொரு தரவில் வைத்துச் சோதிக்கும்போதும் செங்கோணத்துக்கு உத்தரவாதம் கிடையாது. அங்கே 1-லிருந்து பிழையின் விகிதத்தைக் கழித்தால் எதிர்மறை எண் வருவதும் உண்டு. வர்க்கம் எப்படி எதிர்மறையாகும் என்று திகைக்க வேண்டாம். அங்கே அது எதனுடைய வர்க்கமும் இல்லை, புதிய தரவின் சராசரியைவிட நம் கோடு மோசமாக ஊகித்தது என்று மட்டும் பொருள்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம். விளங்காத 11,354 என்பது யாருடைய குற்றம்? கோட்டினுடையதா, வேகத்தினுடையதா? இயற்பியல் கோட்டைச் சந்தேகிக்கச் சொல்கிறது. ஓடும் காரின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. பிரேக் அந்த ஆற்றலைக் கரைக்க எடுக்கும் தூரமும் அப்படித்தான் கூடவேண்டும். வேகம் இரட்டிப்பானால் பிரேக் தூரம் நான்கு மடங்கு. நேர்கோடு அதைக் காட்டாது. கோட்டோடு வேகத்தின் வர்க்கத்தையும் ஒரு பத்தியாகச் சேர்த்தால் ஆர்-ஸ்கொயர் 0.651-லிருந்து 0.667 ஆகிறது. உயர்வு அற்பம். மேலும் எந்தப் பத்தியைச் சேர்த்தாலும், அது பொருளற்ற எண்களாக இருந்தாலும், ஆர்-ஸ்கொயர் குறையவே குறையாது; குறைந்த பிழையைத் தேடுபவருக்குக் கூடுதலாக ஒரு வழி திறந்துவிட்டால் அவர் நட்டப்பட வாய்ப்பில்லை. எனவே இந்தச் சிறு உயர்வைக் கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

நல்லவேளையாக இந்த அட்டவணையில் ஒரே வேகத்தில் ஓடிய கார்கள் பல உண்டு. 14 மைல் வேகத்தில் மட்டும் நான்கு. அவை நின்ற தூரங்கள் 26, 36, 60, 80 அடி. நேர்கோடோ வளைகோடோ, எதைப் போட்டாலும் 14 மைலுக்கு அது ஒரே ஒரு விடையைத்தான் தரமுடியும். நான்கு கார்களுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை வேகத்தால் எந்தக் காலத்திலும் விளக்க முடியாது. இப்படி ஒரே வேகக் கார்களைக் குழு குழுவாக எடுத்து, ஒவ்வொரு குழுவின் சராசரியிலிருந்தும் விலக்கங்களை வர்க்கமாக்கிக் கூட்டிப் பார்த்தால் 6,765 வருகிறது. 14 மைல் குழுவின் பங்கு மட்டும் அதில் 1,771.

இப்போது பிழையையும் இரண்டாகப் பிரித்துவிட்டோம். 11,354-ல் 6,765 வேகத்தால் தொடவே முடியாதது. எஞ்சிய 4,589தான் நேர்கோடு தவறவிட்டிருக்கக்கூடியது. அதிலும் ஒரு பகுதி தற்செயலாக வந்ததாக இருக்கும். 6,765-ஐ மொத்தத்தால் வகுத்து 1-லிருந்து கழித்தால் 0.79. இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு, வேகத்தை மட்டும் உள்ளே விட்டு, உலகில் யார் எவ்வளவு சாமர்த்தியமான வளைகோட்டைப் போட்டாலும் ஆர்-ஸ்கொயர் 0.79-ஐத் தாண்டாது. 0.651 என்ற எண்ணை 1-ஓடு ஒப்பிட்டுக் குறைவு என்று வருந்துவதைவிட, 0.79-ஓடு ஒப்பிடுவது நேர்மையானது. அதற்கு மேல் போகவேண்டுமென்றால் 14 மைல் வேகத்தில் ஒரு கார் 26 அடியிலும் இன்னொன்று 80 அடியிலும் ஏன் நின்றது என்று தெரியவேண்டும். பிரேக்கின் நிலை, டயரின் தேய்மானம், சாலையின் ஈரம், காரின் எடை என்று காரணங்களை நினைத்துப் பார்க்கலாம். ஆனால் அட்டவணையில் பத்திகள் இரண்டே இரண்டு, வேகமும் தூரமும்.